மேலத்தெரு பொண்ணும் திருப்பூர் பொண்ணும்: ஒரு கேம்ல ஆரம்பிச்ச நட்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல ஒரு கிராமத்துல சாயங்கால வகுப்பு நடத்துறேன். அங்க ஒரு வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சு இப்ப வரைக்கும் நடந்ததை எழுதி வெக்கிறேன். பேரு எதுவும் போடல. ஊர்ல கூப்புடுற மாதிரியே ஒருத்திய மேலத்தெரு பொண்ணுன்னும் இன்னொருத்திய திருப்பூர் பொண்ணுன்னும் சொல்றேன். ரெண்டு பேர் வீட்டுலயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

பின்னணி

மேலத்தெரு பொண்ணுக்கு அப்ப 14 வயசு, ஒம்பதாவது, அரசு பள்ளி, தமிழ் மீடியம். அப்பா சிங்கப்பூர்ல வேலை, அம்மா நடவு களையெடுப்புன்னு போறவங்க. ஒரு தம்பி. வகுப்புக்கு ரெண்டு வருஷமா வர்றா, ஒரு நாளும் லேட்டா வந்தது கெடையாது, நோட்டு அவ்ளோ சுத்தமா இருக்கும், ஆனா அந்த ரெண்டு வருஷத்துல என்கிட்ட அவளா வந்து ஒரு வார்த்தை பேசுனதா எனக்கு ஞாபகமே இல்ல. கேட்டா தலையாட்டுவா. கணக்குக்கு விடை என்னன்னா நோட்டத் திருப்பிக் காட்டுவா.

எல்லாரும் அதை நல்ல குணம்னு சொன்னோம். நானும்தான். பொண்ணு அமைதியா இருந்தா ஊர்ல அதை யாரும் கவனிக்க மாட்டாங்க, "எவ்ளோ அடக்கமா இருக்கு பாரு"ன்னு பாராட்டிட்டுப் போயிடுவாங்க. இதே ஒரு பையன் ரெண்டு வருஷம் வாயத் தொறக்கலன்னா ஆறு மாசத்துலயே யாராவது என்னன்னு கேட்டிருப்போம்.

எனக்கு ஒறைச்சது புரட்டாசி கடைசில. அன்னிக்கு செம மழை, கரண்ட் இல்ல, பாடம் நடத்த முடியல. புள்ளைங்க எல்லாம் கூட்டம் கூட்டமா உக்காந்து கதை பேசிக்கிட்டு இருக்கு, இவ மட்டும் செவுத்தோரம் மூடி வெச்ச புத்தகத்தோட அட்டையப் பாத்துக்கிட்டே முக்கா மணி நேரம் உக்காந்திருந்தா. யாரும் அவளை ஒதுக்கல, சண்டையும் இல்ல, அவ அங்க இருக்குறதே யாருக்கும் தோணல. அவ்ளோதான்.

மறுநாள் அவங்க அம்மாவப் போய்ப் பாத்தேன். "வீட்டுல வாய் ஓயாதும்மா, தம்பிகூட ஒரே சண்டை, அப்பா போன் பண்ணுனா அரை மணி நேரம் பேசும்"னாங்க. காது கேக்குறதுல, பேச்சு வர்றதுல கொறை இல்லன்னு அதுலயே தெரிஞ்சிருச்சு. ஸ்கூல்லயும் டீச்சர் கேள்வி கேட்டா மெதுவா ஒண்ணு ரெண்டு வார்த்தை பதில் சொல்லுவாளாம். வீட்டுல நல்லாப் பேசிட்டு வெளிய மாசக்கணக்கா ஒரு வார்த்தை கூட வரலன்னா அது வெறும் கூச்சம் இல்ல, டாக்டர்கிட்ட காட்டணும். இவ அந்த அளவுக்கு இல்ல. கூட்டாளி யாருன்னு கேட்டேன், அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு தம்பி பேரைத்தான் சொன்னாங்க.

திருப்பூர் பொண்ணும் ஒம்பதாவதுதான். அவங்க அப்பா அம்மா பனியன் கம்பெனில பத்து வருஷத்துக்கு மேல வேலை பாத்துட்டு அந்த வருஷம் ஆனில சொந்த ஊருக்கே திரும்பி வந்துட்டாங்க. அவ நல்லாப் பேசுவா, வேகமாப் பேசுவா, பயம் கெடையாது. அதனால அவளுக்கு எந்தப் பிரச்சனையும் இல்லன்னு நெனச்சேன். அது எவ்ளோ தப்புன்னு கீழ வரும்.

எந்த கேம், ஏன்

வகுப்புல ஒரே ஒரு பழைய லேப்டாப். ரெண்டு பேர் சேந்து ஆடுற புதிர் கேம் நெறைய இருக்கு, ஆனா முக்காவாசிக்கு ஆளுக்கொரு மிஷினும் நல்ல நெட்டும் வேணும். கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்னு 2015ல வந்த கேமுக்கு அது வேண்டாம். ஒருத்தி ஸ்கிரீன்ல ஒரு வெடிகுண்டப் பாப்பா, அதுல கம்பி, பட்டன், விநோதமான குறி போட்ட கட்டைன்னு தனித்தனி பெட்டியா இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு புதிர். எதை வெட்டணும் எதை அமுக்கணும்ங்கறது அவளுக்குத் தெரியாது. அந்த விதியெல்லாம் 23 பக்க மேனுவல்ல இருக்கு, அது இன்னொருத்தி கையில, அவ ஸ்கிரீனப் பாக்கக் கூடாது. மேனுவல் இலவசம், பிரிண்ட் எடுத்தாப் போதும். முதல் குண்டுல 3 பெட்டி, 5 நிமிஷம். மூணு தப்புப் பண்ணுனா வெடிச்சிரும், ஒவ்வொரு தப்புக்கும் கடிகாரம் வேற வேகமா ஓட ஆரம்பிக்கும்.

நான் இதை எடுத்ததுக்குக் காரணம் ஒண்ணுதான். இதுல பேசாம ஆடவே முடியாது, ஆனா பேசுறது எதுவுமே தன்னைப் பத்தின பேச்சு இல்ல. "உனக்கு என்ன புடிக்கும், ஏன் அமைதியா இருக்க"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க, கம்பி என்ன கலர்னுதான் கேப்பாங்க. குண்டுன்னதும் அவங்க அம்மா மொதல்ல பயந்தாங்க, ஒரு தடவை கூட உக்காந்து பாத்துட்டு சரின்னுட்டாங்க.

முதல் முயற்சி, நான் பண்ணுன தப்பு

ஐப்பசி முதல் வாரம். அமைதியான பொண்ணு, நல்லாப் படிப்பா, அப்ப புக்கு இவகிட்ட இருக்கட்டும்னு முடிவு பண்ணுனேன். வாயாடிப் பொண்ணு குண்டு பாக்கட்டும். மேனுவல் இங்கிலீஷ்ல இருக்குறதால முதல் சில பக்கத்தோட விதிய ரெண்டு பேருக்கும் தமிழ்ல சொல்லிக் குடுத்தேன். நடுவுல பீரோவத் திருப்பி மறைப்பா வெச்சு உக்கார வெச்சேன்.

திருப்பூர் பொண்ணு ஆரம்பிச்சதுமே கடகடன்னு எல்லாத்தையும் சொல்லிட்டா. "அஞ்சு கம்பி இருக்கு, கருப்பு, செவப்பு, அப்பறம் ஒரு பட்டன், கீழ ஏதோ எழுத்து, சொல்லுபுள்ள, எதை வெட்டட்டும், சீக்கிரம், நேரம் போகுது." இவகிட்டேருந்து சத்தமே இல்ல. அவ இன்னும் சத்தமாக் கேட்டா, இவ இன்னும் சுருங்கிட்டா. அஞ்சு நிமிஷம் முடிஞ்சு வெடிச்சிருச்சு. இவ புத்தகத்த மேசை மேல நேரா வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அடுத்த ஒரு வாரம் கடைசி வரிசைல போய் உக்காந்தா, என் கண்ணையே பாக்கல.

ஆனா நான் அவளுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்ததால ஒண்ணு பாத்தேன். அவ வெரலு சரியான பக்கத்துல, அஞ்சு கம்பிக்கான பத்திலதான் இருந்துச்சு. அடுத்து என்ன கேக்கணும்ங்கறதும் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, ஏன்னா வெரலு சீரியல் நம்பர்ங்கற வார்த்தை மேல போய் நின்னுச்சு. அந்தக் கேள்விய வாயத் தொறந்து கேக்கத்தான் முடியல.

ரெண்டு மூணு நாள் யோசிச்ச பிறகுதான் வெளங்குச்சு, நான் வேலைய தலைகீழாக் குடுத்துட்டேன். புக்கு பாக்குறவளுக்குப் படிக்கிறது பாதி வேலைதான். அவதான் கேள்வி கேக்கணும், அவதான் நடுவுல நிறுத்தணும், "இதை வெட்டு"ன்னு அவதான் உத்தரவு போடணும், தப்பானா பழி அவ தலைல. கூச்சப்படுற புள்ளைக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வேற இல்ல. குண்டு பாக்குறவளுக்கு அப்படி இல்ல, கண்ணுக்கு முன்னாடி இருக்குறதை அப்படியே சொன்னாப் போதும். நீலக் கம்பிய நீலம்னு சொல்றதுல தப்பாகுறதுக்கு என்ன இருக்கு. அதோட அந்த ஸ்கிரீன அவ மட்டும்தான் பாக்குறா, அவ சொல்லலன்னா அந்த விஷயம் வேற யாருக்கும் தெரியப் போறதே இல்ல.

இடத்த மாத்துனது

மறுபடி ஆடச் சொல்லி நான் கேக்கல. இவ பாக்குற மாதிரி லேப்டாப்ப வெச்சுட்டு, புக்க திருப்பூர் பொண்ணுகிட்ட குடுத்துட்டு, "இன்னிக்கு இடம் மாறி ஒரே ஒரு தடவை, மத்த புள்ளைங்க போனப்பறம்"னு மட்டும் சொன்னேன். திருப்பூர் பொண்ணத் தனியாக் கூப்ட்டு ஒண்ணு சொல்லி வெச்சேன்: கேள்வி கேட்டா மனசுக்குள்ள பத்து எண்ணு, அதுக்குள்ள ரெண்டாவது கேள்வி கேக்காத.

அன்னிக்கு இவ பேசுனதை அன்னிக்கு ராத்திரியே எழுதி வெச்சுட்டேன். மொதல்ல ஒரு நிமிஷம் ஒண்ணுமே இல்ல. அப்பறம் ரொம்ப மெதுவா, "நாலு கம்பி. செவப்பு, நீலம், செவப்பு, மஞ்சள்." பீரோவுக்கு அந்தப் பக்கம் தாளத் திருப்புற சத்தம். "சீரியல் நம்பர் கடைசி எண்ணு என்ன?" இவ குண்ட ஒரு சுத்து சுத்திப் பாத்தா. "ஏழு." அதோட நிறுத்தல, "பேட்டரி ரெண்டு இருக்கு"ன்னும் சொன்னா. அதை யாரும் கேக்கல. நாலு கம்பில ஒண்ணுக்கு மேல செவப்பு இருந்து கடைசி எண் ஒத்தப்படையா இருந்தா கடைசி செவப்ப வெட்டணும், அதான் விதி. "மூணாவது கம்பிய வெட்டு"ன்னா. வெட்டுனா. பச்சை லைட் எரிஞ்சுச்சு.

அந்தக் குண்டு கடைசில வெடிக்கத்தான் செஞ்சுச்சு. ஆனா முடிஞ்சதும் இவ எந்திரிக்கல, மௌஸ்ல இருந்து கைய எடுக்காமலே உக்காந்திருந்தா. "இன்னொண்ணு ஆடலாமா"ன்னு அந்தப் பக்கத்துலேருந்து கேட்டதும் தலையாட்டுனா. நடுவுல பீரோ இருக்கு, தலையாட்டுனா அவளுக்குத் தெரியாது. ஒரு நொடி கழிச்சு அது அவளுக்கே புரிஞ்சு "ம்"னு சத்தமாச் சொன்னா.

அந்த மறைப்பு ரொம்ப முக்கியம்னு இப்ப நெனைக்கிறேன். மூஞ்சப் பாக்க வேண்டாம், யாரு எப்படிப் பாக்குறாங்கன்னு கவலை வேண்டாம், ஆனா தலையாட்டித் தப்பிக்கவும் முடியாது.

அவங்களே வெச்ச பேரு

அதுக்கப்பறம் வாரத்துல மூணு நாள், வகுப்பு முடிஞ்சு அரை மணி நேரம். குறிக் கட்டைதான் அவங்களுக்கு ரொம்பப் புடிச்ச பெட்டி. அதுல நாலு கட்டை, ஒவ்வொண்ணுலயும் ஒரு புரியாத எழுத்து. மேனுவல்ல ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு குறி. நாலும் சேந்து இருக்குற வரிசை எதுன்னு கண்டுபுடிச்சு, மேலேருந்து கீழ என்ன ஒழுங்குல இருக்கோ அதே ஒழுங்குல அமுக்கணும். அந்த எழுத்துக்கெல்லாம் நம்மகிட்ட பேரு கெடையாது, அதனால இவங்களே வெச்சாங்க. மூணு கோடு மேல பாத்து நிக்கிறது நாமம். இவதான் வெச்சா. கீழ தொறந்த வட்டம் லாடம். குறுக்குக்கட்டையோட சாஞ்சு கெடக்குறது தண்டவாளம். நெளிஞ்சு நெளிஞ்சு போறது பூரான். சிரிக்கிற மூஞ்சிக்கு திருப்பூர் பொண்ணு என் பேரை வெச்சிருக்கா, அது ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும்.

"நாமம், சிரிப்பு மூஞ்சி, பத்திக் குறி, கருப்பு நட்சத்திரம்." "அஞ்சாவது வரிசை. நாமம் மொதல்ல, அப்பறம் மூஞ்சி, பத்தி, நட்சத்திரம் கடைசி." இருபது செகண்ட் கூட ஆகாது. வெளிய இருந்து கேக்குற மத்த புள்ளைங்களுக்கு ஒண்ணும் புரியாது. பேரையெல்லாம் பிரிண்ட் தாள்ல குறிக்குப் பக்கத்துலயே பென்சில்ல எழுதி வெச்சாங்க. இவ எழுத்து சின்னதா அழகா இருக்கும், அவ எழுத்து பெருசா சாஞ்சிருக்கும், ரெண்டும் கலந்து கெடக்கும்.

அப்பவும் இது நட்புன்னு நான் எழுதி வெக்கல. லேப்டாப்ப மூடுனா ரெண்டு பேரும் பேசாமத்தான் செருப்ப மாட்டிக்கிட்டுத் தனித்தனியாப் போவாங்க. கேம் பேச்சு கேமோட நின்னுச்சு.

கீழ, கீழண்டை

கார்த்திகைல புதிர்வழிப் பெட்டிக்கு வந்தாங்க. குண்டு பாக்குறவளுக்கு ஆறுக்கு ஆறு கட்டம் தெரியும், ஒரு வெள்ளப் புள்ளிய சிவப்பு முக்கோணத்துக்குக் கொண்டு போகணும், ஆனா நடுவுல இருக்குற செவுரு அவளுக்குத் தெரியாது, புக்குலதான் இருக்கு. செவுத்துல முட்டுனா ஒரு தப்பு.

திருப்பூர் பொண்ணுக்கு இடது வலது கொழம்பும். ரெண்டு தடவை அதுலயே வெடிச்சுது. அப்ப இவதான், "எங்க வீட்டுல சொல்ற மாதிரி சொல்லிக்குவோம்"னா. கீழண்டைன்னா கெழக்கு, மேலண்டைன்னா மேற்கு, அப்பறம் வடக்கால, தெக்கால. எங்க ஊர்ப் பக்கம் தெரு பேரே கீழத்தெரு மேலத்தெருதான், வயலுக்கு அடையாளம் சொன்னாலும் கீழண்டை வரப்பு மேலண்டை வரப்புன்னுதான் சொல்லுவோம், இவளுக்கு அது மூச்சு விடுற மாதிரி. ஸ்கிரீன்ல வலது பக்கம் கீழண்டைன்னு முடிவாச்சு. நல்லாவும் போச்சு.

ஒரு வெள்ளிக்கெழம, ஏற்கனவே ரெண்டு தப்பு ஆயிருச்சு, கடிகாரம் வேகமா ஓடுது, மிச்சம் நாப்பது செகண்டோ என்னவோ. பதட்டத்துல திருப்பூர் பொண்ணு "கீழ, கீழ போ"ன்னு கத்திட்டா. அவ சொன்னது கீழ்ப்பக்கம், அதாவது தெக்கால. இவளுக்குக் கீழன்னா கீழண்டை. வலது பக்கம் தள்ளுனா, செவுரு, வெடிச்சிருச்சு.

"தெக்கால போகச் சொன்னா வேற பக்கம் போற!"

"நீ எங்க தெக்கால சொன்ன? கீழன்னுதானேடி சொன்ன! கீழன்னா கீழண்டைதானேடி!"

நான் அடுத்த ரூம்ல விடைத்தாள் திருத்திக்கிட்டு இருந்தேன், யாரு கத்துறான்னு ஒரு நிமிஷம் எனக்கு அடையாளமே தெரியல. ரெண்டு வருஷத்துல அந்தக் கொரல அந்த சத்தத்துல நான் கேட்டதே இல்ல. எந்திரிச்சுப் போகலாம்னு தோணுச்சு, போகல. அந்த முடிவு சரின்னுதான் இப்பவும் நெனைக்கிறேன். போயிருந்தா நான் பஞ்சாயத்து பண்ணியிருப்பேன், ரெண்டு பேரும் என்னப் பாத்துத்தான் பேசியிருப்பாங்க. சண்டை பத்து நிமிஷம் ஓடுச்சு. அப்பறம் அமைதி. அப்பறம் திருப்பூர் பொண்ணு, "எங்கூர்ல கீழன்னா கீழதான்புள்ள, நான் என்ன பண்றது"ன்னா. அதுக்கு இவ சிரிச்சா.

அன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணாப் போனாங்க. திருப்பூர் பொண்ணு வீடு அந்தப் பக்கம் இல்ல, சுத்திக்கிட்டுப் போனா. "டி" வந்ததுலேருந்து அது அப்படியே நின்னுருச்சு. என் நோட்டுல நட்புன்னு எழுதுன தேதி அதுதான்.

பொங்கல் நாள்

இந்தப் பகுதிய எழுத எனக்குக் கஷ்டமா இருக்கு. எனக்கு சந்தோஷம் தாங்கல, பொங்கல் விழால எல்லார் முன்னாடியும் இவங்களை ஆட வைக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். புரொஜெக்டர் எரவல் வாங்குனேன், முப்பது நாப்பது பேர், பெத்தவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. பீரோ இல்ல, மைக் இருக்கு. இவகிட்ட கேட்டேனான்னா கேட்டேன், தலையாட்டுனா. அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம்னு மூணு மாசம் கத்துக்கிட்டதை நானே மறந்துட்டேன்.

குண்டு ஆரம்பிச்சுது, இவ மைக்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நின்னா, ஒரு சொல்லு வரல. பத்து செகண்ட், இருபது செகண்ட். பின்னாடி யாரோ சிரிச்சாங்க. அப்ப திருப்பூர் பொண்ணு புக்க மூடிட்டு எந்திரிச்சு, "அக்கா, எனக்குத் தலை சுத்துது, முடியல"ன்னு சத்தமாச் சொன்னா. எல்லார் கண்ணும் அவ மேல போச்சு. இவ அந்த நேரத்துல மெதுவா எறங்கி வெளிய போயிட்டா. தலை சுத்தலெல்லாம் ஒண்ணும் இல்லன்னு மறுநாள் அவளே என்கிட்ட சொன்னா, சொன்ன விதத்துல கோவம் இருந்துச்சு. அந்தக் கோவம் நியாயம். இவ வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன். மூணு வாரம் வகுப்புல பேச்சு கொறஞ்சுது, ஆனா அவகிட்ட மட்டும் கொறையல.

அன்னிக்குத்தான் திருப்பூர் பொண்ணு இன்னொண்ணும் சொன்னா. ஸ்கூல்ல சேந்த நாள்லேருந்து அவ பேச்ச எல்லாரும் நடிச்சுக் காட்டுறாங்களாம், வாய் தொறந்தா "ஏனுங், வாங்"னு கூட்டமாக் கத்துவாங்களாம். நெறையப் பேசுவா, ஆனா கூட உக்கார ஒரு ஆள் இல்ல. "இவ ஒருத்திதாங்க்கா சிரிக்கல." ஒருத்திக்கு மருந்து மாதிரி இன்னொருத்திய நான் பயன்படுத்திக்கிட்டு இருந்தேன், அவளுக்கும் அதே காய்ச்சல்னு பாக்கவே இல்ல.

என்ன ஆச்சு, என்ன ஆகல

தாளடி அறுப்பு நேரத்துல இவளுக்கு நாலு நாள் காய்ச்சல், வகுப்புக்கு வரல. அந்த நாலு நாளும் திருப்பூர் பொண்ணு நோட்ட எடுத்துக்கிட்டு இவ வீட்டுக்குப் போயிருக்கா, யாரும் சொல்லல. இப்ப பத்தாவதுல ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. கேம் ஆடுறது கிட்டத்தட்ட நின்னு போச்சு, நேரமும் இல்ல, தேவையும் இல்ல.

மாறாததையும் சொல்லணும். இவ வகுப்புல இன்னமும் கை தூக்க மாட்டா. மாசில மூணாவதா ஒரு பொண்ணச் சேத்து ஆட வெச்சுப் பாத்தேன், புக்க ரெண்டு பேர் பாக்கலாம், கேம் அதுக்கு எடம் குடுக்கும். இவ பழையபடி ஒத்த வார்த்தைக்குப் போயிட்டா, ரெண்டாவது நாளே விட்டுட்டேன். கூச்சம் போகல. ஒரு தோழி கெடச்சா, அதுதான் நடந்தது.

இன்னொரு தடவை செஞ்சா

முதல் நாளே கூச்சப்படுற புள்ளைய குண்டுப் பக்கம் உக்கார வைப்பேன், சில வாரம் கழிச்சு அவளே கேட்டா புக்கு குடுப்பேன். நேரத்த நெருக்க மாட்டேன், நேரத்த நாமளே வெச்சுக்குற ஃப்ரீ ப்ளேன்னு கேம்ல ஒண்ணு இருக்கு, அதுல நேரத்தக் கூட்டி வெச்சு ஆரம்பிக்கலாம், முதல் நாள் பயம் பாதி அந்தக் கடிகாரத்தாலதான். மறைப்பு கண்டிப்பா இருக்கும், பாக்குறவங்க இருக்க மாட்டாங்க, நான் உட்பட. சேத்து உக்கார வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் வீட்டுக்கும் போவேன், ஒரு வீட்டுக்கு மட்டும் இல்ல. விழால ஆட வெக்கவே மாட்டேன்.

அந்தப் பிரிண்ட் மேனுவல அடுத்த புள்ளைங்களுக்காகத் திருப்பிக் கேட்டேன். இவ நேராப் பாத்து, "இல்லக்கா, அதுல எங்க பேரெல்லாம் இருக்கு, நீங்க வேற எடுத்துக்கங்க"ன்னா. புதுசா 23 பக்கம் பிரிண்ட் போட்டு வெச்சிருக்கேன், பென்சிலும் பக்கத்துலயே இருக்கு. போன வாரம் பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரும் நின்னாங்க, வெயில் மூஞ்சில அடிக்குதுன்னு திருப்பூர் பொண்ணு இவள இழுத்துக்கிட்டே, "கீழண்டைப் பக்கம் தள்ளி நில்லுபுள்ள"ன்னா. அதுக்கு இவ "சரிங், சரிங்"னா.